ஒரு நொடியில் 2 லட்சம் எண்கள்

நிரல் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் பலரும் சிஎஸ்இஎஸ் என்ற கணக்குத் தொகுப்பைத் தொட்டிருப்பார்கள். ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தின் அன்டி லாக்சோனென் உருவாக்கியது. அதில் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு கணக்குகள் உண்டு. ஒரு வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் எண்களைக் கூட்டினால், கேட்ட தொகை எத்தனை விதத்தில் வரும்? எண்கள் 2 லட்சம் வரை போகலாம். நேரம் ஒரே நொடி.

எல்லாத் தொடக்கத்தையும் எல்லா முடிவோடும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 2,000 கோடித் துண்டுகள். நொடிக்குப் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது போட்டியாளர்களின் தோராயக் கணக்கு. அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும்.

முதல் கணக்கில் எல்லாமே நேர்ம எண்கள். 2, 4, 1, 2, 7 என்ற வரிசையில் 7 வேண்டும். இடச்சுட்டி, வலச்சுட்டி என இரண்டு வைத்துக்கொள்வோம். தொகை போதாவிட்டால் வலச்சுட்டி ஓர் எண்ணைச் சேர்க்கும். மிஞ்சினால் இடச்சுட்டி ஒன்றைக் கழற்றிவிடும். 2, 4, 1 சேர்ந்ததும் 7. அடுத்த 2 வந்து 9 ஆகிறது. முன்னால் நிற்கும் 2-ஐக் கழற்றினால் மறுபடி 7. கடைசி 7 நுழைய 14. பழையவை எல்லாம் போனபின் அது மட்டும் நிற்கிறது. விடை 3. இரண்டு சுட்டிகளும் பின்வாங்குவதே இல்லை. ஆகவே 2 லட்சம் எண்களுக்கும் அதிகபட்சம் 4 லட்சம் நகர்வுகள்தான்.

இரண்டாம் கணக்கில் எதிர்ம எண்களும் உண்டு. 2, -1, 3, 5, -2 வரிசையில் அதே 7-ஐத் தேடுங்கள். முதல் நான்கும் சேர்ந்து 9 என்றதும் சுட்டி 2-ஐக் கழற்றி, 7 கிடைத்தது என்கிறது. ஆனால் அவசரப்பட்டுவிட்டது. பின்னால் காத்திருக்கும் -2, மொத்த வரிசையையுமே 7 ஆக்கியிருக்கும். விடை 2; சுட்டிகள் சொல்வது 1.

இங்கேதான் முன்தொகை கைகொடுக்கிறது. தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 0, 2, 1, 4, 9, 7. இரண்டு முன்தொகைகளின் வித்தியாசம்தான் இடையிலுள்ள துண்டின் தொகை. ஆகவே 9-க்கு வரும்போது, முன்பு 2 வந்ததா என்று பார்க்கிறோம், வந்திருக்கிறது. 7-க்கு வரும்போது 0 வந்ததா? அதுவும் உண்டு.

```
m[0] = 1;
for (long long v : a) {
  s += v;
  ans += m[s - x];
  m[s]++;
}
```

முதல் வரியை விட்டால், தொடக்கத்திலிருந்தே எண்ணப்படும் துண்டுகள் மட்டும் விடுபடும். பாதி சரியாக வருவதால் பிழையைக் கண்டுபிடிப்பது சிரமம். m என்பது `map` என்றால் ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 18 ஒப்பீடுகள். நொடிக்குள் தாராளமாக முடியும். முதல் கணக்குக்கும் இது பொருந்தும்தான். ஆனால் சுட்டிகளுக்குத் தனி நினைவகமே வேண்டாம் என்பதால் அங்கே அவற்றையே நான் விரும்புவேன்.

மாதிரி உள்ளீட்டில் விடை சரி, பெரிய உள்ளீட்டில் மட்டும் தவறு என்றால் மாறியின் வகையைப் பாருங்கள். எண் ஒவ்வொன்றும் நூறு கோடி வரை இருக்கலாம். `int` சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். `s`, `ans` இரண்டுக்குமே `long long` வேண்டும்.