இரண்டாம் பக்கத்தில் இருந்த அனுபவம்

வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு ‘வருந்துகிறோம்’ என்று மின்னஞ்சல் போய்விட்டாலும், அவருடைய பயோடேட்டா நிறுவனத்தின் கணினியில் அப்படியேதான் இருக்கும். பக்கத்தில் நிராகரித்ததற்கான காரணம் ஒரு வரியில் பதிவாகியிருக்கும். ஆள் தேவைப்படும் துறையின் மேலாளர் நினைத்தால் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். தகுதியான ஒருவர் அதில் கண்ணில் பட்டால் ஆள்சேர்ப்புக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதி, மறுபடி பார்க்கச் சொல்லலாம். அந்தக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாத்திரை தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கு ஆட்டோமேஷன் இன்ஜினீயர் வேண்டும். மாத்திரை அறைகளில் காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தூள் கட்டிதட்டும், மாத்திரை இயந்திரத்தில் ஒட்டும். அதைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.சி. பிளான்ட்டின் கன்ட்ரோல் முழுவதும் வரப்போகிறவரின் பொறுப்பு. விண்ணப்பப் படிவத்தில், ‘ஆட்டோமேஷன் இன்ஜினீயராக எத்தனை ஆண்டு அனுபவம்?’ என்று ஒரு கேள்வி. மூன்றுக்குக் குறைவாகப் போட்டால் கணினியே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும்.

நூற்பாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருப்பவர் விண்ணப்பிக்கிறார். அந்தக் கேள்விக்கு அவர் ‘0’ என்று நேர்மையாகப் போடுகிறார். அந்தப் பதவியில் அவர் இருந்ததில்லையே! விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடுகிறது. பயோடேட்டாவை மனிதர் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் இரண்டாம் பக்கத்தில், ‘இதர பணிகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கிறது: ஹெச்-பிளான்ட்டில் பழைய ரிலே பேனலை எடுத்துவிட்டு பி.எல்.சி. மாற்றியது, ஈரப்பத சென்சார், டேம்பர், விசிறி டிரைவ் இணைத்து ஓட்டிக் காட்டியது.

மில் பக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். நூல் நூற்கும் கூடத்தில் ஈரப்பதம் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் நூல் அறுபடும், கூடினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். அந்த அளவைப் பிடித்து வைப்பதுதான் ஹெச்-பிளான்ட் என்கிற ஈரப்பதக் கூடம். சென்சார் சொல்லும் அளவைப் பார்த்து, தண்ணீர் தெளிக்கும் பம்பையும் காற்றுக் கதவுகளையும் விசிறி வேகத்தையும் பி.எல்.சி. கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை ஆலை தேடுகிற வேலையின் நடுப்பகுதி இதேதான். இரண்டு தொழிலிலும் அதற்குப் பெயர் வேறு, அதனால் ஆள்சேர்ப்புக் குழுவின் கண்ணில் படவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் கையில் இருந்தது துறை எழுதிக் கொடுத்த நிபந்தனைதான்.

இது எங்கோ ஒரு நிறுவனத்தில் மட்டும் நடப்பதல்ல. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களின் அதிகாரிகளிடம் கேட்டு 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. விளம்பரத்தில் உள்ள நிபந்தனையோடு அப்படியே பொருந்தவில்லை என்பதால் திறமையானவர்கள் வடிகட்டப்பட்டு விடுகிறார்கள் என்று அதில் 88 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது மேலாளர் எழுத வேண்டிய குறிப்புக்கு வருவோம். “இவரைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறது, கொஞ்சம் பாருங்கள்” என்று எழுதினால் காரியம் கெடும். நம் ஊரில் அப்படி ஒரு வரி வந்தாலே சிபாரிசு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆள்சேர்ப்புக் குழுவுக்கு வேண்டியது, நிராகரித்த முடிவை மாற்றினால் நாளை ஆடிட்டில் காட்டக்கூடிய காரணம். அதனால் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

“வணக்கம். ஆட்டோமேஷன் இன்ஜினீயர் பணிக்கு வந்து, அனுபவ ஆண்டுக் கேள்வியில் நின்றுபோன இந்த விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்கக் கேட்கிறேன். இவரை எனக்கு நேரில் தெரியாது, யாரும் சொல்லி அனுப்பவில்லை. பயோடேட்டாவின் இரண்டாம் பக்கம், ‘இதர பணிகள்’ முதல் வரியைப் பாருங்கள். நூற்பாலையின் ஹெச்-பிளான்ட் என்பது நம் ஏ.சி. பிளான்ட் போலவே ஈரப்பதத்தை சென்சார் வழியாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு. நாம் கேட்ட பி.எல்.சி., டிரைவ், சென்சார் இணைப்பு மூன்றும் அந்த ஒரு வேலையில் அடங்குகின்றன. இல்லாதவை: மருந்து ஆலை அனுபவம், அறைகளுக்கு இடையே காற்றழுத்த வித்தியாசம் காப்பது, மாற்றங்களை எழுத்தில் ஒப்புதல் பெற்றுச் செய்யும் முறை. மில்லில் ஈரத்தைச் சேர்க்கிறார்கள், நாம் எடுக்கிறோம், அந்த வேறுபாடும் உண்டு. புரோகிராமை இவரே எழுதினாரா, கான்ட்ராக்டர் எழுதினாரா என்பது பயோடேட்டாவில் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள 20 நிமிடத் தொலைபேசிப் பேச்சு போதும், நானும் சேர்ந்துகொள்கிறேன். இதே கேள்வியில் நின்றுபோன மற்றவர்களையும் இதே அளவுகோலில் பார்த்துவிடலாம். அந்தக் கேள்வியை ‘பி.எல்.சி. வேலை செய்த ஆண்டுகள்’ என்று மாற்ற நான் ஒப்புதல் தருகிறேன்.”

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ‘இல்லாதவை’ என்ற பகுதி. குறையை மேலாளரே எழுதிவிட்டால், படிப்பவருக்கு மீதியையும் நம்பத் தோன்றும். பின்னால் தேர்வுக் குழுவில் யாராவது, “மருந்து ஆலை தெரியாதவர் ஆயிற்றே” என்று கிளப்பினால் அது புதுச் செய்தியாக இருக்காது. கேட்பதும் சிறியது. வேலை கொடுங்கள் என்றோ நேரே நேர்காணலுக்கு அழையுங்கள் என்றோ கேட்கவில்லை, ஒரு தொலைபேசிப் பேச்சுதான். மற்றவர்களையும் பார்க்கச் சொல்லும் வரியை விட்டுவிடக்கூடாது. ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்தால், அதே ‘0’ போட்ட இன்னொருவருக்கு அது அநியாயம். வயது, ஊர், குடும்பம் பற்றி ஒரு சொல்கூட வரக்கூடாது. குறிப்பு பதிவாகிவிடும், முடிவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

மேலாளரின் ஊகம் தவறாகவும் போகலாம். மில்களில் இப்படிப்பட்ட மாற்றங்களைப் பல நேரம் வெளிக் கம்பெனிதான் செய்து கொடுக்கும், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று ஒயர் இழுக்க ஆள் கொடுத்திருப்பார். ‘மாற்றியது’ என்ற சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. தொலைபேசியில், “பி.எல்.சி. தெரியுமா?” என்று கேட்டுப் பயனில்லை. “ஓட்டிப் பார்த்த முதல் வாரத்தில் என்ன சிக்கல் வந்தது?” என்று கேட்க வேண்டும். வேலையைக் கையால் செய்தவர் உடனே ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவார். ஈரப்பதம் நிற்காமல் மேலும் கீழும் ஆடியது, பம்பும் விசிறியும் ஒரே நேரத்தில் மாறியதால் ஒன்றையொன்று இழுத்தன, விசிறியைக் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்ல வைத்தேன் என்பார். அல்லது சென்சாரில் பஞ்சு படிந்து பொய்யாகக் காட்டியது, கையில் இன்னொரு மீட்டர் வைத்து ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன் என்பார். பக்கத்தில் நின்றவர், “எல்லாம் நன்றாகவே ஓடியது சார்” என்பார். அப்படி வந்தால் மேலாளர் தம் குறிப்பின் கீழேயே அதை எழுதி, பழைய முடிவே இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

கணினியில் நிலையை ‘பரிசீலனையில்’ என்று மாற்றுவது எளிது. விண்ணப்பித்தவருக்கோ வருத்த மின்னஞ்சல் ஏற்கெனவே போயிருக்கிறது. அவர் வேறு இடத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கலாம், மில்லில் சம்பள உயர்வு பேசி முடித்திருக்கலாம். அதனால் இன்னொரு தானியங்கி மின்னஞ்சல் அனுப்புவது சரியாக இராது. ஆள்சேர்ப்புக் குழுவிலிருந்து ஒருவர் நேராகப் பேசி, “சார், உங்களுக்கு முன்பு இல்லை என்று அனுப்பியிருந்தோம். எங்கள் படிவக் கேள்வியால் உங்கள் ஹெச்-பிளான்ட் வேலை பார்வைக்கு வரவில்லை. இப்போதும் விருப்பம் இருந்தால் 20 நிமிடம் பேசலாமா? வேலை உறுதி என்று இப்போது சொல்ல முடியாது” என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஷிப்டில் இருப்பவருக்கு மில் சத்தத்தில் பேச முடியாது. எந்த நேரம் வசதி என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.