கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கும்போது எச்சரிக்கை எங்கே போகிறது?

2018 ஜூன் மாதம், நடிகர் விஜய்யின் பிறந்தநாளையொட்டி ‘சர்கார்’ படத்தின் முதல் சுவரொட்டி வெளியானது. அதில் அவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை அறிவித்தல் அனுப்பியதையடுத்து, தயாரிப்பு நிறுவனம் அந்தப் படத்தைத் தனது சமூக வலைத்தளப் பக்கத்திலிருந்து நீக்கியது. ஆனால் அதற்குள் அது பல நாட்கள் பகிரப்பட்டு, இரசிகர்களின் கைத்தொலைபேசிகளில் முகப்புப் படமாகிவிட்டிருந்தது.

இந்தியத் திரைப்படங்களில் புகைக்கும் காட்சி வந்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் காட்டப்பட வேண்டும். படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னரும் புகையிலைக்கு எதிரான குறும்படமும் காட்டப்பட வேண்டும். 2023 செப்டெம்பர் முதல் இணையவழித் திரைத் தளங்களுக்கும் இதுபோன்ற விதிகள் வந்துள்ளன. இலங்கையிலோ, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்பதையும் தடை செய்கிறது. நமது தொலைக்காட்சிகளில் சிகரெட் மங்கலாக்கப்பட்டே காட்டப்படுகிறது.

ஆனால் கரவனெல்லயைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களில் இருக்கும் ஒரு மாணவன் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பதில்லை. டிக்டொக், யூடியூப் துணுக்குகளிலும் பார்க்கிறான். அகலமான திரைப்படக் காட்சியைத் தொலைபேசிக்காக நெட்டையாக வெட்டும்போது, ஓரத்திலிருந்த எச்சரிக்கை வாசகமும் வெட்டுப்பட்டுப் போகலாம். தொடக்கத்தில் காட்டப்படும் குறும்படம் துணுக்கில் வருவதேயில்லை. மிஞ்சுவது கதாநாயகனின் முகம், புகை, பின்னணி இசை மட்டுமே. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒருமுறை வந்த காட்சி, துணுக்காகும்போது ஒரே நாளில் பலமுறை கண்ணில் படுகிறது.

இது பிள்ளைகளை உண்மையில் பாதிக்கிறதா? அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரையிலான, அதுவரை புகைத்துப் பார்க்காத 2,600 வரையான மாணவர்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. திரையில் புகைக்கும் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்த பிரிவினர், மிகக் குறைவாகப் பார்த்தவர்களைவிடப் புகைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்தது. பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தத் தாக்கம் இன்னும் கூடுதலாக இருந்ததே கவனிக்க வேண்டிய விடயம். “எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை” என்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

திரையில் சிகரெட் பெரும்பாலும் மூன்று தருணங்களில் வருகிறது: சண்டைக்கு முன், வெற்றிக்குப் பின், துயரத்தின் நடுவில். மூன்றாவது நமக்கு மிக நெருக்கமானது. போரில் உறவுகளை இழந்த வீடுகளிலும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிலும், “கவலைக்கு ஒரு சிகரெட்” என்ற எண்ணம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பழகியவருக்குப் புகைத்தவுடன் கிடைக்கும் ஆறுதலில் பெரும்பகுதி, நிக்கொட்டின் குறைந்ததால் வந்த பதற்றம் தணிவதுதான். துயரம் அப்படியே இருக்கும். படம் இதைச் சொல்வதில்லை.

ஆசிரியர் இதைச் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் ஒரே பாடவேளையில் பேச முடியும். காட்சியைப் போட்டுக் காட்டத் தேவையில்லை. காட்டினால் அதுவும் இன்னொரு முறை பார்த்ததாகிவிடும். மாணவர்களை நினைவிலிருந்தே சொல்லச் சொல்லலாம். யார் புகைத்தார்? அதற்கு முன் என்ன நடந்தது? இசை எப்போது ஏறியது? பதில்களைக் கரும்பலகையின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். பிறகு, “இதில் எது காட்டப்படவில்லை?” என்று கேளுங்கள். இருமல், சட்டையில் ஒட்டும் வாடை, மஞ்சளேறிய விரல், பெட்டிக்கடையில் கொடுத்த காசு என்று வலப்பக்கம் நிரம்பும். ஒரு நாளைக்கு மூன்று சிகரெட் என்றால், மாதத்தில் எத்தனை நாள் சம்பளம் போகும் என்பதை அவர்களே கணக்கிடட்டும். இறுதியாக, சிகரெட்டே இல்லாமல் அதே காட்சியில் கதாநாயகனின் துணிவை எப்படிக் காட்டலாம் என்று குழுவாக எழுதச் சொல்லுங்கள். சிகரெட் வேறு, துணிவு வேறு என்பது அங்கே பிரிந்து தெரியும்.

இதில் மூன்று இடங்களில் தவறு நேரலாம். “யார் புகைத்துப் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும், அல்லது ஒருவன் வீரனாகிவிடுவான். “உன் அப்பா குடிப்பாரா, புகைப்பாரா?” என்று கேட்டால், லயனில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கும். பிள்ளைகள் விரும்பும் நடிகரைத் திட்டினால், அவர்கள் அவருக்காக வாதாடத் தொடங்குவார்கள், சிகரெட் மறந்துபோகும். ஆகவே பேச்சு நடிகரைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அல்லாமல், காட்சியைப் பற்றியே இருக்கட்டும்.

பாடம் பலித்ததா என்பதை அறிய, “புகைப்பது கெட்டது” என்ற பதிலை நம்ப வேண்டாம். அதை எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். சில வாரங்களுக்குப் பின் புதிய படமொன்று வரும்போது, “சேர், அந்தச் சீனில் சிகரெட் எதற்கு வந்தது?” என்று ஒரு மாணவன் தானாகக் கேட்டால், பாடம் சென்று சேர்ந்திருக்கிறது. ஆனாலும், வகுப்புக்கு வெளியே தனிச் சிகரெட்டை எடுத்துக் கொடுக்கும் கடை இருக்கும்வரை பாடம் பாதி வேலையைத்தான் செய்யும். மறுபாதி 21 வயதுச் சட்டத்தை அந்தக் கடைக்காரருக்கு நினைவூட்ட வேண்டிய பெரியவர்களுடையது.