பதிவேடும் வங்கி வரவும்

கடையை அடைக்கும்முன் கல்லாவிலுள்ள பணத்தை எண்ணி, அன்றைய விற்பனைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது வணிகர்களின் நெடுநாள் வழக்கம். 2016ஆம் ஆண்டில் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யூபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறையை அறிமுகப்படுத்தியது. அதன்பின் விரைவுக் குறியீட்டு அட்டை கடைகளில் இடம்பெற்றது. சிறு வணிகருக்கும் இரண்டாவது கல்லா ஒன்று உண்டாயிற்று. அது வங்கிக் கணக்கில் இருக்கிறது. அதிலுள்ள பணத்தைக் கையால் எண்ண இயலாது. வரவுப் பட்டியலைப் படித்தே அறிய வேண்டும். அப்பட்டியலையும் பதிவேட்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றிற்கும் காரணம் காண்பதே சரிகட்டல் ஆகும். கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என வழங்கப்படுவதும் இம்முறையே. மாத இறுதியில் நிறுவனங்கள் செய்வதைச் சிறு கடைக்காரர் நாள்தோறும் செய்கிறார்.

இரண்டு சான்றுகள்

விற்பனைப் பதிவேடு கடைக்காரர் எழுதுவது. ஒவ்வொரு விற்பனைக்கும் நேரம், தொகை, பணம் பெற்ற முறை ஆகியவை அதில் இடம்பெறும். 'எவ்வளவு விற்றோம்?' என்னும் வினாவிற்கு அது விடை தருகிறது. வங்கி வரவுப் பட்டியலோ வங்கி எழுதுவது. 'எவ்வளவு பணம் வந்து சேர்ந்தது?' என்னும் வினாவிற்கே அது விடை தரும். விற்றதும் வந்ததும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதலால் இரண்டு தொகைகளும் வேறுபட்டவுடன் யாரோ தவறு செய்துவிட்டார் என்று முடிவுகட்டலாகாது.

வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் காட்டும் 'பணம் செலுத்தப்பட்டது' என்னும் திரைக்காட்சி இவ்விரண்டு சான்றுகளுள் எதிலும் சேராது. அது பழைய படமாகவோ போலியாகவோ இருத்தல் கூடும். கடையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதே சான்று.

யூபிஐ வழியாக நிகழும் ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் 12 இலக்கங்கள் கொண்ட மேற்கோள் எண் உண்டு. செயலித் திரையில் அது UTR என்றோ UPI Ref No என்றோ காணப்படும். ஐம்பது ரூபாய் வரவுகள் ஒரே நாளில் பல இருக்கலாம். ஆனால், அவற்றின் மேற்கோள் எண்கள் வேறுவேறானவை. அவ்வெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பதிவேட்டில் தொகைக்கு அருகே குறித்துவைத்தால், இரவில் ஒப்பிடும் வேலை எளிதாகும்.

ஒரு நாள் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு சிறு மளிகைக் கடையின் ஒரு நாள் கணக்கைக் காண்போம். அக்கடையின் குறியீட்டில் செலுத்தப்படும் பணம் ஒவ்வொன்றும் தனித்தனியே உடனுக்குடன் வங்கிக் கணக்கில் சேர்கிறது எனக் கொள்வோம்.

அன்று இரவு பதிவேட்டில் குறியீட்டு விற்பனையாக 14 பதிவுகள் இருந்தன. அவற்றின் கூட்டுத்தொகை 4,265 ரூபாய். வங்கிப் பட்டியலில் 13 வரவுகள் இருந்தன. அவற்றின் கூட்டுத்தொகை 4,705 ரூபாய். பதிவைவிட வரவு 440 ரூபாய் மிகுதி. மறுபுறம், காலையில் கல்லாவில் வைத்த சில்லறை 500 ரூபாய். பதிவேட்டின்படி ரொக்க விற்பனை 5,120 ரூபாய். எனவே, கல்லாவில் 5,620 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணியபோது 5,450 ரூபாயே இருந்தது. 170 ரூபாய் குறைவு.

வங்கியில் மிகுந்த தொகையும் கல்லாவில் குறைந்த தொகையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கூட்டுத்தொகைகளை மட்டும் உற்றுநோக்கிக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. பதிவுகளை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும்.

இணை சேர்த்தல்

முதலில் வங்கிப் பட்டியலைக் கால வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் முதல் வரவிற்குரிய பதிவைத் தொகை, நேரம், மேற்கோள் எண் ஆகிய மூன்றையும் கொண்டு தேடி, இரண்டிடத்திலும் குறியிட வேண்டும். கூட்ட நேரத்தில் பதிவேட்டை எழுதச் சில நிமிடங்கள் தாமதமாகலாம். ஆகவே, நேரம் துல்லியமாக ஒத்திருக்க வேண்டியதில்லை.

நம் கடையில் 10 பதிவுகள் முழுமையாகப் பொருந்தின. அவற்றின் கூட்டுத்தொகை 3,375 ரூபாய். எஞ்சியவற்றில் ஐந்து வேறுபாடுகள் வெளிப்பட்டன.

முதலாவது, வங்கியில் 600 ரூபாய் வரவு இருந்தது. பதிவேட்டில் அதற்குரிய விற்பனை இல்லை. அனுப்பியவர் பெயரைக் கொண்டு கடன் ஏட்டைப் பார்த்தபோது, சென்ற வாரம் வாங்கிய பொருள்களுக்குரிய நிலுவையை அவர் செலுத்தியிருப்பது தெரிந்தது. பொருள் கொடுத்த நாளிலேயே அவ்விற்பனை எழுதப்பட்டுவிட்டது. இன்று மீண்டும் விற்பனையாக எழுதினால் ஒரே விற்பனை இருமுறை கணக்கில் ஏறிவிடும். கடன் ஏட்டில் மட்டும் கழித்தல் வேண்டும்.

இரண்டாவது, பதிவேட்டில் 320 ரூபாய் என்றிருந்த விற்பனைக்கு வங்கியில் 230 ரூபாயே வந்திருந்தது. வேறுபாடு 90 ரூபாய். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் உண்டாகும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஆகவே, ஒன்பதால் வகுபடும் வேறுபாட்டைக் கண்டதும் இலக்க மாற்றம் உண்டா எனப் பார்ப்பது கணக்கர் வழக்கம். ஆனால், இது குறிப்பே அன்றி முடிவன்று. மாற்றி எழுதியவர் கடைக்காரரா, மாற்றித் தட்டியவர் வாடிக்கையாளரா என்பதைப் பொருள்களின் விலையைக் கூட்டிப் பார்த்தே அறிய முடியும். இங்கே துண்டுச்சீட்டில் இருந்த விலைகளின் கூட்டல் 230 ஆக இருந்தது. எனவே, பிழை பதிவேட்டில் உள்ளது; விற்பனை 90 ரூபாய் குறையும்.

மூன்றாவது, குறியீட்டு விற்பனை என எழுதப்பட்ட 150 ரூபாய் வங்கியில் இல்லை. விசாரித்தபோது, அலைவரிசை கிடைக்காமையால் வாடிக்கையாளர் இறுதியில் ரொக்கமாகவே கொடுத்தார் என்பது தெரிந்தது. முறையை மட்டும் திருத்தினால் போதும்; மொத்த விற்பனை மாறாது. ஆனால், கல்லாவில் இருக்க வேண்டிய பணம் 150 ரூபாய் உயரும்.

நான்காவது, 180 ரூபாய்க்குப் பொருள் வாங்கிய ஒருவர் 500 ரூபாய் அனுப்பி, மீதி 320 ரூபாயைக் கையில் பெற்றுச் சென்றிருந்தார். பதிவேட்டில் 180 என எழுதியது சரியே. ஆயினும் வங்கியில் 320 ரூபாய் மிகுந்தது. கல்லாவில் 320 ரூபாய் குறைந்தது. இது விற்பனை அன்று. ஒரு கல்லாவிலிருந்து மற்றொன்றிற்குப் பணம் இடம்பெயர்ந்ததே ஆகும்.

ஐந்தாவது, இரவு 8.40 மணிக்கு எழுதப்பட்ட 240 ரூபாய் வங்கியில் வரவில்லை. வாடிக்கையாளரின் திரையில் பரிமாற்றம் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது; அவருடைய கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டும் இருந்தது. இதனை அன்றே முடிக்க இயலாது. விற்பனை நிகழ்ந்திருப்பதால் பதிவை அடிக்கக் கூடாது. 'வரவேண்டியது' எனக் குறித்து, மேற்கோள் எண்ணை வாடிக்கையாளரிடம் பெற்றுவைக்க வேண்டும். வணிகருக்கு உறுதிச் செய்தி கிடைக்காத பரிமாற்றத்தில், கழிக்கப்பட்ட பணம் பரிமாற்ற நாளிலிருந்து 5 நாள்களுக்குள் வாடிக்கையாளருக்குத் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டில் விதித்தது. ஆகவே, அத்தொகை கடைக்கு வந்துசேரலாம். வாடிக்கையாளரிடமே திரும்பிச் செல்லவும் கூடும். திரும்பிவிட்டால் அவரிடம் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும்.

சரிகட்டும் பட்டியல்

| விவரம் | ரூபாய் |
|---|---|
| பதிவேட்டின்படி குறியீட்டு விற்பனை | 4,265 |
| கழிக்க: இலக்கம் மாறிய பிழை | 90 |
| கழிக்க: ரொக்கமாகப் பெற்றது | 150 |
| திருத்திய குறியீட்டு விற்பனை | 4,025 |
| கழிக்க: இன்னும் வந்துசேராதது | 240 |
| கூட்டுக: பழைய கடன் வரவு | 600 |
| கூட்டுக: ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்த மீதி | 320 |
| வங்கிப் பட்டியலின்படி வரவு | 4,705 |

இப்பட்டியல் இரண்டு பகுதிகளாக அமைந்திருப்பதைக் காண்க. முதற்பகுதியில் உள்ளவை பிழைகள். அவற்றிற்காகப் பதிவேட்டைத் திருத்த வேண்டும். பிற்பகுதியில் உள்ளவை பிழைகள் அல்ல. விற்பனைக்கும் வரவிற்கும் இடையே இயல்பாக உள்ள வேறுபாடுகள். அவற்றிற்காக விற்பனைத் தொகையை மாற்றினால் சரியான கணக்கும் தவறாகிவிடும்.

இவ்விடை சரிதானா என்பதைக் கல்லாவே உறுதிப்படுத்துகிறது. 5,620 ரூபாயுடன் தவறான முறையில் எழுதப்பட்ட 150 ரூபாயைக் கூட்டி, கையில் கொடுத்த 320 ரூபாயைக் கழித்தால் 5,450 ரூபாய் கிடைக்கிறது. கல்லாவில் எண்ணிய தொகையும் அதுவே.

கண்ணில் பட்ட வேறுபாடு 440 ரூபாய்தான். ஆனால், ஐந்து வேறுபாடுகளையும் கூட்டினால் 1,400 ரூபாய் ஆகிறது. கூடியவையும் குறைந்தவையும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. இன்னும் சற்று மாறியிருந்தால் மொத்த வேறுபாடு சுழியாகவே தோன்றியிருக்கும். எனவே, இரு கூட்டுத்தொகைகளும் ஒத்திருக்கும் நாளிலும் இணை சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

தொகுப்பாக வரும் பணம்

சில வணிகக் குறியீடுகளில் பணம் முதலில் செயலி நிறுவனத்தின் வழியே சென்று, பல பரிமாற்றங்களின் தொகை ஒன்றாகச் சேர்ந்து, பெரும்பாலும் மறுநாள் வங்கிக்கு வரும். அத்தகைய கடையில் வங்கிப் பட்டியலைப் பதிவேட்டுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. முதலில் செயலியின் பரிமாற்றப் பட்டியலைப் பதிவேட்டுடன் இணை சேர்க்க வேண்டும். பின்னர் அப்பட்டியலின் கூட்டுத்தொகையை வங்கிக்கு வந்த தொகுப்புத் தொகையுடன் ஒப்பிட வேண்டும். தொகுப்பு எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை உள்ள பரிமாற்றங்களைக் கொண்டது என்பதைப் பார்க்காவிட்டால், இரவு விற்பனை மறுநாள் கணக்கில் கலந்துவிடும்.

நம் கடைக்காரர் அன்றிரவு பதிவேட்டின் அடியில் ஒரு வரியை மட்டும் மறுநாளுக்கு எடுத்துச்செல்கிறார்: 'வரவேண்டியது 240'. மறுநாள் அத்தொகை வங்கியில் வந்திருந்தால், அது அந்நாளின் விற்பனை ஆகாது; முந்திய நாளின் அவ்வரிக்கு எதிரே குறியிட்டு முடிக்க வேண்டிய வரவாகும்.