கோடை மழைக்கு முன் ஒரு குழி

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தமிழக ஊராட்சிகளில் அன்று கிராம சபை கூடும். கொங்குப் பகுதியின் வறண்ட ஊர் ஒன்றில் அப்படிக் கூடிய சபையில், வார்டு உறுப்பினரான ஒரு பெண் எழுந்தார். பேசத் தொடங்கும் முன், ஊராட்சிக் கட்டடத்து மழைநீர்க் குழியின் மூடியை இரண்டு பேரை விட்டுத் தூக்கச் சொன்னார். உள்ளே ஜல்லியே தெரியவில்லை. விளிம்பு வரை வண்டல் இறுகிக் கிடந்தது.

"குழி இருக்குதுன்னு நாம நெனச்சுட்டு இருக்கோமுங்க. இதுக்குள்ள ஒரு சொட்டு எறங்காது" என்றார்.

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது வெட்டப்பட்ட குழிகளில் பல, பராமரிப்பின்றி இப்படித்தான் ஆகிவிட்டன. வீட்டுக்கு ஒரு குழியைக் கோடை மழைக்கு முன்பே வெட்டவேண்டும், பழைய குழி இருந்தால் தூர்வாரவேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. இப்போது மண் காய்ந்திருப்பதால் குழியின் ஓரம் சரியாது. அடியில் இருப்பது சரளையா, களியா என்பதும் கண்ணுக்குத் தெரியும். சித்திரையில் இடியோடு கொட்டும் மழை அரை மணி நேரத்தில் ஓடையில் போய்விடும். அதற்குள் குழி தயாராக இருக்கவேண்டும்.

அளவை அவர் கணக்குப் போட்டே காட்டினார். 600 சதுர அடிக் கூரையில் 2 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 1,100 லிட்டர். ஓடு உறிஞ்சியதும் தெறித்துச் சிதறியதும் போக, குழாய்க்கு வருவது 900 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நாலடிக்கு நாலடி, ஐந்தடி ஆழத்தில் வெட்டிய குழி வெறுமையாக இருந்தால் 2,200 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆனால் கல்லும் ஜல்லியும் நிரப்பியபின் தண்ணீருக்கு மிஞ்சுவது இடுக்குகள்தான், மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதாவது, ஏறக்குறைய அதே 900 லிட்டர். குழி பெரிதாகத் தெரிகிறதே என்று இரண்டடியைக் குறைப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நிரப்பும் முறை எளிது. அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே ஓரடி மணல். நன்றாக வெந்த செங்கல் துண்டு இருந்தால் ஜல்லிக்குப் பதில் அதையே போடலாம். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே ஒரு நைலான் வலை விரித்தால் மணல் கீழே சரியாது. அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி, கழிப்பறைக் குழிக்கு எட்டவே மேட்டுப் பக்கமாக இடம் பார்க்கவேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை இதில் விடக்கூடாது. சோப்பும் எண்ணெயும் மணலை அடைத்துவிடும். முதல் மழையில் கூரைத் தூசு முழுக்க வரும் என்பதால் அதையும் வெளியே விட்டுவிடவேண்டும்.

கல்லைக் கொட்டும் முன் ஒரு சோதனை உண்டு. குழியின் அடியில் ஓரடிப் பள்ளம் பறித்து, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றிப் பார்க்கவேண்டும். காலையில் ஊற்றியது மதியமும் அப்படியே நின்றால் கீழே களிமண். அந்த இடத்தில் எத்தனை ஜல்லி கொட்டினாலும் குழி வெறும் தொட்டிதான். கைத்துளைப்பான் கொண்டு அடியில் துளை போட்டு, களியைத் தாண்டிச் சரளையைத் தொட்டு, துளையையும் கூழாங்கல்லால் நிரப்பினால்தான் தண்ணீருக்கு வழி கிடைக்கும்.

அப்போது ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "ஏனுங்க அம்மிணி, எங்க போருல தண்ணி ஆயிரம் அடிக்குப் போயிருச்சு. இந்தக் குழி அங்க எட்டுமா?"

"எட்டாதுங்க மாமா. இந்தக் கோடைக்கே போர் ஊறும்னு சொன்னா அது பொய்யி" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

இந்த நேர்மையான பதில்தான் அந்தப் பேச்சில் மிக முக்கியமானது. தமிழகத்தின் முக்கால் பங்கு நிலப்பரப்பு கடும்பாறை. அங்கே மழைநீர் முதலில் தங்குவது பாறைக்கு மேலே உதிர்ந்து கிடக்கும் சரளை அடுக்கில். ஆழத்துக்குப் போக விரிசல்கள்தான் வழி. விரிசல் எங்கே ஓடுகிறது என்று மேலிருந்து சொல்ல முடியாது. ஆகவே குழி வெட்டியதன் பலன் கிணறுகளிலும், ஆழம் குறைந்த கைப்பம்புகளிலும்தான் முதலில் தெரியும். அதுவும் ஒரு வீட்டுக் குழியால் அல்ல, தெருவே வெட்டினால். ஐப்பசி மழைக்குப் பின் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, தேதியோடு சுவரில் எழுதி வைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு ஒப்பிட அது உதவும்.

குழியால் கொசு வருமே என்று ஒரு பெண் கேட்டார். துளையுள்ள பலகைக் கல்லால் மூடி, துளைகளுக்குக் கொசுவலை போட்டால் வராது. மழை விட்ட மூன்றாம் நாளும் மூடிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றால், மேல்மணல் அடைத்துவிட்டது என்று பொருள். அதை வாரி, கழுவி, மறுபடி பரப்பவேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில் செய்யவேண்டிய இந்த வேலைக்கு ஒரு சட்டியும் மண்வெட்டியும் போதும்.