இருபது நிமிடமும் ஒரு கண்ணாடிக் குழாயும்

பெரும்போக அறுவடைக் காலம். வன்னியில் ஒரு கமக்காரரை மாலை 6.30 மணிக்கு வயல் வரம்பிலே கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர்களிற் புடையன் என்று சொல்லப்படுவதும் இவ்வினமே. கால் வீங்க, உறவினர் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றனர்.

அங்கே 7.15க்கு அவரது நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் நிறுத்திவைக்கிறார்கள். 20 நிமிடம் சென்றபின் ஒரே ஒருமுறை சரித்துப் பார்க்கிறார்கள். இரத்தம் கட்டியாக நிற்கிறது. உறவினர் ஆறுதலடைகின்றனர். வைத்தியரோ வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார். ஏன்?

விரியனின் நஞ்சு இரத்தத்தை நீர்த்துவிடச் செய்கிறது என்று பலர் எண்ணுவர். நடப்பது வேறு. இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை அந்நஞ்சு காரணமின்றித் தூண்டிவிடுகிறது. பைபிரினோஜன் என்னும் புரதம் உடலெங்கும் நுண்ணிய நாராக மாறிச் சிதைந்து, செலவாகித் தீர்ந்துபோகிறது. பின்னர் முரசிலோ மூளையிலோ குருதி கசிந்தால் அதனை அடைக்க முதல் இராது. ஆனால் இருப்புத் தீரச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே முதற் சோதனையில் உறைந்த இரத்தத்தை நம்பிவிடலாகாது.

8.15க்கு மீண்டும் சோதிக்கிறார்கள். 8.35க்குக் குழாயைச் சரித்தபோது இரத்தம் தண்ணீர்போல ஓடுகிறது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றப்படுகிறது.

குழாய் ஏன் கண்ணாடியாக இருக்கவேண்டும் என்று மாணவர் கேட்கலாம். கண்ணாடியின் மேற்பரப்பே உறைதலைத் தொடக்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலும், சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலும் நலமுள்ளவர் இரத்தங்கூட 20 நிமிடத்தில் உறையாதிருக்கக்கூடும். அதை நம்பி வேண்டாத ஒருவருக்கு மருந்தேற்றினால், அம்மருந்தின் கடும் ஒவ்வாமையே அவருக்கு ஆபத்தாகலாம். ஐயமிருந்தால் நலமுள்ள ஒருவரின் இரத்தத்தையும் அதேவகைக் குழாயில் விட்டு ஒப்பிடுவர். இடையில் ஆவலினாற் குழாயை ஆட்டிப் பார்ப்பதும் முடிவைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று: கண்டங்கருவளை தீண்டியவரின் இரத்தம் வழக்கம்போல் உறையும். அவர் கண்ணிமை தாழ்ந்து, மூச்சுத் தளர்வதைத்தான் கவனிக்க வேண்டும். இச்சோதனை அதைக் காட்டாது.

கமக்காரருக்கு மருந்து ஏறி முடிந்தபோது இரவு 10 மணி. உடனே இரத்தம் உறையவில்லையே என்று மனைவி கலங்குகிறார். மருந்து நஞ்சைக் கட்டுமேயன்றிப் பைபிரினோஜனை உண்டாக்காது. அதை ஈரலே புதிதாக ஆக்கவேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் செல்லும். அதிகாலை 4 மணிக்கும் உறையாவிடின் மருந்தை மறுபடி ஏற்றவேண்டியிருக்கும்.

4.20க்குத் தாதி குழாயைச் சரிக்கிறார். இரத்தம் அசையவில்லை. எனினும் காலின் வீக்கத்திலிருந்து நஞ்சு மீண்டும் கலக்கக்கூடுமாதலால், காலை 10 மணிக்கு வேறொரு புதிய குழாயும் வேண்டியிருக்கும்.