ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்த மச்சான்

குடும்ப வாட்ஸப் குழுவில் பழைய படம் வந்து விழுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் நேரம். பீரோ ஒழிக்கும்போது ஆல்பம் கிடைத்திருக்கும். அதைக் கைபேசியில் படமெடுத்ததால் ஓரத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கும். கீழே ஒரு வரி: ‘யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்.’ இது வாங்கய்யா, வந்து கேலி பண்ணுங்க என்ற அழைப்புதான். ஆனால் அழைத்தவர் ஒருவர், வாசிப்பவர்கள் முப்பது பேர். கேலி எழுதுகிறவர் மறந்துபோவது அந்த முப்பது பேரைத்தான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளை, எண்பதுகளின் தொடக்கம். அத்தை மகன் மூன்று வயதில் ஸ்டுடியோவில் நிற்கிறான். குலதெய்வம் கோயிலில் முடியிறக்கும் முன்பு, வளர்ந்த தலைமுடியைப் பின்னி, பூ வைத்து, பட்டுப்பாவாடை கட்டி, ஆண் பிள்ளையை ஒரு படம் எடுத்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தப் படம். நெற்றிச்சுட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கை நிறைய வளையல். பின்னால் திரையில் வரைந்த மாடிப்படிகள். ஸ்டுடியோக்காரர் குழந்தையின் அழுகையை நிறுத்தக் கொடுத்த டெலிபோன் ரிசீவரை அவன் தலைகீழாகப் பிடித்துக் காதில் வைத்திருக்கிறான். படத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கை மட்டும் அவன் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு உரியவர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்.

இதற்கு யார் எழுதலாம் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. நம் உறவுமுறையில் கேலிக்கு உரிமை உள்ளவர்கள் தனி. மாமன் மகன், அத்தை மகன், கொழுந்தன், மதினி இவர்களெல்லாம் ‘முறை’ உள்ளவர்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதற்கு இவர்களைத்தான் தேடுவார்கள். ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானுடவியலாளர் 1940இல் இத்தகைய கேலி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் சீண்டலாம், சில இடங்களில் சீண்டியே ஆகவேண்டும். மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு ஏற்பாடு உலகின் பல சமூகங்களில் உண்டு என்றார். அத்தை மகனுக்கு மாமன் மகன் எழுதுவது அந்த ஏற்பாட்டுக்குள் வரும். அதே வரியைச் சம்பந்தி எழுதினால் அடுத்த விசேஷம் வரை பேச்சாக இருக்கும். முறை இல்லாதவர்கள் படத்தைப் பாராட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது உத்தமம்.

சரி, மாமன் மகன் எழுத உட்காருகிறார். கைக்கு முதலில் வருவது ‘என்னடா, பொண்ணு மாதிரி இருக்கே’. இது கேலியே இல்லை. படத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்வது. தவிர, அதே குழுவில் அவருடைய கல்லூரிப் பெண் இருக்கிறாள். பெண்ணாகத் தெரிவதில் என்ன சிரிப்பு என்று அவள் கேட்டால் மாமாவிடம் பதில் கிடையாது.

அடுத்து வருவது தலைமுடி. ‘அப்ப இருந்த முடியில கால்வாசி இப்ப இருந்திருந்தா...’ மச்சானுக்கு வழுக்கை. அவரே தன் படத்துக்குக் கீழே ‘இதுதான் என் தலைமுடியின் பொற்காலம்’ என்று எழுதியிருந்தால் அந்த வழியில் ஓர் அடி போகலாம், இரண்டாவது அடி கூடாது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது நாமாக ஆரம்பிப்பது வேறு. நிறம், பல், உடம்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அன்றைய குழந்தையையும் இன்றைய மனிதரையும் பக்கத்தில் நிறுத்தினாலே யாராவது ஒருவர் தோற்கிறார்.

நகையும் அப்படி. அந்த நெற்றிச்சுட்டி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மருமகளின் வீட்டாருக்குத் தெரியாது. அத்தை நாற்பது வருடமாகச் சொல்லாததை நாம் ஏன் சொல்லவேண்டும்?

அப்படியானால் எதைச் சீண்டுவது? மச்சானின் கையில் இல்லாததையும், யார் மனதோடும் ஒட்டாததையும்தான். இந்தப் படத்தில் அது ரிசீவர். மூன்று வயதில் அதைத் தலைகீழாகப் பிடித்ததற்கு நாற்பத்தைந்து வயது ஆள் வெட்கப்பட வேண்டியதில்லை. கேலி அந்தப் பொருளில் ஆரம்பித்து அவருடைய இன்றைய ஒரு சின்னப் பழக்கத்தில் போய் உட்கார்ந்தால் பாசம் தானாகத் தெரியும், ஏனென்றால் பழகியவருக்குத்தான் அந்தப் பழக்கம் தெரியும்.

மாமன் மகன் எழுதுகிறார்: ‘அப்பவே போனை ஒழுங்கா எடுக்கத் தெரியல, இப்பவும் எடுக்க மாட்டேங்கறே.’ நல்ல வரி. ஆனால் அத்தையும் வாசிப்பார். மகனின் போனுக்காக உண்மையிலேயே காத்திருந்த அம்மாவுக்கு இது சிரிப்பாகப் படாது. மகனுக்கோ எல்லோர் முன்னாலும் வைத்த புகாராகப் படும். ஆகவே அழித்துவிட்டு மாற்றுகிறார்: ‘அதான் இப்பவும் வீடியோ கால்ல உன் நெத்தி மட்டும் தெரியுது.’ நெத்தி என்றதும் வழுக்கை வந்து நிற்கிறது. நெத்தியை எடுத்துவிட்டு மின்விசிறி போட்டார். மின்விசிறிக்கு மனம் கிடையாது.

இன்னும் இரண்டு பேர் பாக்கி. பின்னிய அத்தைக்கு ஒரு வரி வேண்டும். சட்டத்துக்கு வெளியே போன கை மதினியுடையது. தம்பிக்கு ஸ்டுடியோவில் தனிப் படம், அக்காவுக்கு அது கிடையாது என்ற பழைய கதை அதற்குள் இருக்கிறது. அந்தக் கதையைக் கிளறாமல், ஆனால் அவரைப் பார்த்துவிட்டோம் என்று காட்ட வேண்டும். கடைசியில் குழுவுக்குப் போனது இது:

‘மச்சான், ரிசீவரை அப்பவே தலைகீழாத்தான் பிடிச்சிருக்கே. வீடியோ கால்ல எங்களுக்கு எப்பவும் மின்விசிறியே தெரியற காரணம் இப்பத்தான் புரியுது. அத்தை, ஜடையில ஒரு முடி பிசிறல, நீங்க கெட்டிக்காரி. அப்புறம் அந்த ஓரத்துக் கை மதினியோடதுதானே? அவங்க பிடிக்கலைன்னா நீ ஸ்டூல்லேருந்து விழுந்து படமே வந்திருக்காது.’

அனுப்புவதற்கு முன் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மாமாவின் திதியன்று, அவர் நினைவாகப் போட்ட படமென்றால் இந்தக் கேலி அன்றைக்கு வேண்டாம். குழந்தை முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி ஊர் முழுக்கச் சுற்றவிடுவதும் கேட்காமல் செய்யக் கூடாத வேலை.

இவ்வளவு பார்த்தும் சில சமயம் தவறும். வழக்கமாக நாலு வரி எழுதுகிற ஆள் ஒற்றைக் கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டால், அல்லது கொஞ்ச நேரத்தில் படமே காணாமல் போனால், பட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது நம் வரியை அழிப்பதில் பயன் குறைவு. செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கேயே நின்று, பார்க்காதவரையும் விசாரிக்க வைக்கும். ‘சும்மா தமாஷுக்குத்தானே’ என்பது அதைவிட மோசம், தப்பை அவர் தலையில் கட்டுகிறது. தனியாக ஒரு போன் போட்டுப் பேசுவதும், குழுவில் நம்முடைய சந்தனம் பூசிய மொட்டைத் தலைப் படத்தைத் தேடிப் போடுவதும் வேலை செய்யும்.

சரியாகப் போயிருந்தால் நாம் மேற்கொண்டு எழுத வேண்டியிராது. மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மின்விசிறியை மச்சானின் பெண் பிடித்துக்கொண்டு, அப்பா பேசும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவாள். அத்தை, அந்த ஜடைக்காக அவன் எவ்வளவு நேரம் அழுதான் என்று குரல் பதிவு அனுப்புவார். வழக்கமாகக் குழுவில் வாயே திறக்காத மதினி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவார்: ‘ஸ்டூலைப் பிடிச்சது நான், மிட்டாய் வாங்கினது அவன். இன்னும் பாக்கி இருக்கு.’