பாலிசியை ஏன் சரண்டர் செய்கிறீர்கள்?

ஆயுள் காப்பீட்டு பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கடிதத்தில் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். “என் பாலிசியைச் சரண்டர் செய்து, சேர வேண்டிய தொகையைத் தரவும்” என்று எழுதி, பாண்டையும் கூடவே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு வரும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு, கட்டியதைவிடக் குறைவாக வந்திருக்கிறதே என்று பதறி ஓடி வருகிறார்கள். அதற்குள் பாலிசி முடிந்துபோயிருக்கும்.

எழுத வேண்டியவை இரண்டு கடிதங்கள். முதல் கடிதம் தொகையைக் கேட்க மட்டும். இரண்டாவதுதான் பாலிசியை ஒப்படைக்க. இரண்டுக்கும் நடுவில், காரணத்தை நமக்கு நாமே தெளிவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதல் கடிதத்துக்குப் பாண்டும் வேண்டாம், ரெவின்யூ ஸ்டாம்பும் வேண்டாம். எல்ஐசி பாலிசி என்றால் அது எந்தக் கிளையின் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கிளையின் மேலாளருக்கு எழுதினால் போதும். இப்படி எழுதலாம்:

“ஐயா, மேற்கண்ட எண்ணுள்ள பாலிசி என் பெயரில் உள்ளது. இன்றைய தேதிக்கு இதன் சரண்டர் மதிப்பு எவ்வளவு என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். உத்தரவாத சரண்டர் மதிப்பு, சிறப்பு சரண்டர் மதிப்பு, இதுவரை சேர்ந்துள்ள போனஸ், கடனும் வட்டியும் பாக்கி இருந்தால் அந்தத் தொகை ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடவும். இனி பிரீமியம் கட்டாமல் பாலிசியைப் பெய்டு-அப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு கிடைக்கும், இதன் பேரில் எவ்வளவு கடன் பெறலாம் என்பதையும் தெரிவிக்கவும். இது தகவலுக்கான விண்ணப்பம் மட்டுமே. பாலிசியைச் சரண்டர் செய்வதற்கான கோரிக்கை அல்ல.”

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். கவுன்ட்டரில் இருப்பவர் இதைச் சரண்டர் விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாமல் அவை தடுக்கும். கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலில் வரும் எண்கள் எப்படி உருவாகின்றன என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி, காப்பீட்டுத் தொகை 5 லட்சம், ஆண்டு பிரீமியம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 ஆண்டுகள் கட்டியாகிவிட்டது. கையிலிருந்து போனது 2,08,000 ரூபாய். ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 45 ரூபாய் வீதம் போனஸ் சேர்ந்திருந்தால், 8 ஆண்டுக்கு அது 1,80,000 ரூபாய்.

இருபதில் எட்டுத் தவணை கட்டியிருப்பதால், 5 லட்சத்தில் அந்தப் பங்கு 2 லட்சம் ரூபாய். இதுதான் பெய்டு-அப் தொகை. அதோடு போனஸைச் சேர்த்தால் 3,80,000. இதைப் பார்த்ததும், ‘அவ்வளவும் எனக்குத்தானே, கொடுத்துவிடட்டும்’ என்று தோன்றும். ஆனால் அந்த 3,80,000 ரூபாய் இன்றைக்குத் தர வேண்டிய பணம் அல்ல. இன்னும் 12 ஆண்டு கழித்து முதிர்வின்போது, அல்லது நடுவில் பாலிசிதாரர் இறந்தால் அப்போது, தர வேண்டியது. 12 ஆண்டு கழித்துத் தர வேண்டியதை இன்றே கேட்டால், அத்தனை ஆண்டுக்கான வட்டியைக் கழித்துத்தான் தருவார்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் என்று கழித்தால் சுமார் 1,69,000 ரூபாய் நிற்கும். சிறப்பு சரண்டர் மதிப்பின் அடிப்படை இதுதான்.

உத்தரவாத சரண்டர் மதிப்பு வேறு வழியில் வருகிறது. கட்டிய மொத்த பிரீமியத்தில் இத்தனை சதவீதத்துக்குக் குறையாமல் தருவோம் என்று பாண்டிலேயே ஓர் அட்டவணை இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் கொண்டுவந்த விதிகளின்படி, இரண்டாம் ஆண்டில் குறைந்தது 30 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 35, நான்கு முதல் ஏழாம் ஆண்டு வரை 50, கடைசி இரண்டு ஆண்டுகளில் 90. வரியாகக் கட்டியதும், ரைடர்களுக்காகக் கட்டியதும் இந்தக் கணக்கில் சேராது. இந்த இரண்டு மதிப்புகளில் எது அதிகமோ அதுவே நமக்கு வரும்.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில், ஓர் ஆண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டி ஓர் ஆண்டு முடிந்ததுமே சிறப்பு சரண்டர் மதிப்பு தர வேண்டும் என்று ஆணையம் சொன்னது. வட்டி கழிக்கும் விகிதத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் பாலிசி எடுத்தவர்களுக்கு அவரவர் பாண்டில் இருக்கும் விதியே பொருந்தும். மூன்று ஆண்டு கட்டினால்தான் சரண்டர் மதிப்பு என்று அதில் இருந்தால், இரண்டே ஆண்டு கட்டி நிறுத்தியவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே அக்கம்பக்கத்தில் கேட்பதைவிட, பாண்டின் பின்பக்கங்களைப் படிப்பது நல்லது.

இப்போது காரணத்துக்கு வருவோம். சரண்டர் என்பது பாலிசிதாரரின் உரிமை. அவர் சொல்லும் காரணம் போதாது என்று நிறுவனம் மறுக்க முடியாது. ஆனாலும் விண்ணப்பத்தில் காரணம் கேட்கிறார்கள். வாடிக்கையாளர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிறுவனம் விரும்புகிறது. முடிந்தால் தடுக்கவும் பார்க்கிறது. “ஏன் சார் சரண்டர் பண்றீங்க? லோன் போட்டுக்கலாமே” என்று கவுன்ட்டரில் கேட்பது அதனால்தான். அந்தக் கேள்வியைத் தொல்லையாக நினைக்க வேண்டியதில்லை. பல சமயம் அது நமக்கும் நல்ல கேள்வி.

மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு லட்சம் வேண்டும் என்பது காரணமானால், சரண்டர் அதற்கு மருந்தல்ல. நடப்பில் உள்ள பாலிசிக்குப் பொதுவாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் கிடைக்கும். மேலே பார்த்த பாலிசியில் அது ஏறக்குறைய ஒன்றரை லட்சம். ஒரு லட்சம் எடுத்து, வட்டி 9.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,500 ரூபாய் கட்ட வேண்டும். பாலிசியும் தொடரும், காப்பீடும் தொடரும். வட்டியை மட்டும் விடாமல் கட்டிவர வேண்டும். அதைச் சேரவிட்டு, பிரீமியத்தையும் நிறுத்திவிட்டால் கடன் சரண்டர் மதிப்பைத் தாண்டி, கடைசியில் பாலிசியே கைவிட்டுப் போகலாம்.

வேலை போய்விட்டது, இனி பிரீமியம் கட்ட வழியில்லை என்பது காரணமானால், பாலிசியைப் பெய்டு-அப்பாக விட்டுவிடலாம். மேலே கண்ட பாலிசிக்கு 12 ஆண்டு கழித்து 3,80,000 ரூபாய் வரும். இடையில் இறப்பு நேர்ந்தாலும் அந்தத் தொகை நாமினிக்குப் போகும். இன்றைய 1,69,000 ரூபாய் அவசரத் தேவையில்லை என்றால், இது மோசமான வழி அல்ல.

வருமானம் குறைவு, இந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால் கூடுதலாக வளரும் என்பது காரணமானால், அது நேர்மையான காரணம்தான். அப்படிக் கணக்குப் போடும்போது, இனி கட்ட வேண்டிய 12 பிரீமியங்களையும் சேர்த்துப் போட வேண்டும். இதுவரை கட்டிய 2,08,000 ரூபாய் கணக்கில் வராது. அது போனது போனதுதான். சரண்டர் செய்வதற்கு முன், குடும்பத்துக்குத் தேவையான டேர்ம் பாலிசி ஒன்றைக் கையில் வாங்கிவிட வேண்டும். இடையில் சர்க்கரை நோயோ இதய நோயோ வந்திருந்தால் புதிய காப்பீடு கூடுதல் பிரீமியத்துக்குத்தான் கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம். உடல்நலம் கெட்டவர் பழைய பாலிசியை விடுவதை என்னால் எந்தக் கணக்கிலும் ஆதரிக்க முடியவில்லை.

இன்னொரு காரணம் உண்டு. வைப்புநிதி என்று சொல்லி பாலிசியை விற்றுவிட்டார்கள், ஒரே தடவை கட்டினால் போதும் என்றார்கள், மறு ஆண்டும் கேட்கிறார்கள் என்பது போன்றவை. இதைச் சரண்டர் விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது பெரிய தவறு. சரண்டர் செய்யும்போது கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சரில், எல்லா உரிமைகளுக்கும் முழுமையான தீர்வாக இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டதாக வாசகம் இருக்கும். அதன்பிறகு முழுப் பிரீமியத்தையும் திருப்பிக் கேட்பது கடினம். ஏமாற்றி விற்றார்கள் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தனிப் புகாராக எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால் இவ்வளவும் வேண்டாம். ஃப்ரீ-லுக் காலத்தில் ரத்து செய்யச் சொல்லி எழுதினால், சிறு பிடித்தங்கள் போக பிரீமியம் திரும்பும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரண்டர்தான் என்று முடிவானால், இரண்டாவது கடிதத்தில் காரணத்தை ஒரே வரியில், உண்மையாக எழுதினால் போதும். “குடும்பத்தின் நிதித் தேவைக்காக இந்தப் பாலிசியைச் சரண்டர் செய்ய விரும்புகிறேன். கடன், பெய்டு-அப் ஆகிய வாய்ப்புகளைப் பற்றியும், காப்பீடு நின்றுபோவதைப் பற்றியும் அறிந்தே இந்த முடிவை எடுத்துள்ளேன்.” இந்த இரண்டாவது வாக்கியம் இருந்தால் அலுவலகத்திலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது. வீட்டுச் சண்டை, நோய், கடன்காரர் பெயர் எதையும் எழுதத் தேவையில்லை.

கூடவே அசல் பாண்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட டிஸ்சார்ஜ் வவுச்சர், பணம் வர வேண்டிய வங்கிக் கணக்குக்கான படிவம், ரத்து செய்த காசோலை, அடையாளச் சான்று, பான் நகல் ஆகியவை வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் கையெழுத்தால்தான். பத்து ஆண்டுக்கு முன் தமிழில் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் போடுவார். தமிழில் கையெழுத்திடுவோருக்கும் கைரேகை வைப்போருக்கும், படிவத்தில் உள்ளதை விளக்கிச் சொன்னேன் என்று இன்னொருவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பாண்டு தொலைந்திருந்தால் முத்திரைத் தாளில் ஈட்டுறுதிப் பத்திரம் கேட்பார்கள். பாலிசியை வீட்டுக் கடனுக்காக வங்கியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால், வங்கி விடுவிக்கும் வரை பாலிசிதாரர் கையெழுத்து செல்லாது.

எல்லாம் சரியாக இருந்தால் 7 நாளில் பணம் தர வேண்டும் என்பது ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதி. வந்த தொகையை முதல் கடிதத்துக்கு வந்த பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போனதால் சிறு வித்தியாசம் இருக்கலாம். பெரிதாக இருந்தால் விவரம் கேட்டு எழுதுங்கள். பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தால் வங்கிக்கும், சம்பளத்தில் பிடித்தால் சம்பளப் பிரிவுக்கும் அன்றே எழுதி நிறுத்த வேண்டும். சரண்டருக்குப் பிறகு ஒரு தவணை பிடித்துவிட்டார்கள் என்றால், பாலிசி எண்ணையும் பிடித்த தேதியையும் குறித்து அதே கிளைக்கு எழுதித் திரும்பப் பெறலாம்.